100 வாட் குமிழ் இனி வராது: வாடிக்கையாளரிடம் அதை எப்படிச் சொல்வது?

"தலவாக்கலையில் மின்சாமான் கடை வைத்திருக்கிறேன். 100 வாட் மஞ்சள் குமிழ் இனிமேல் வராது என்று ஏஜெண்ட் சொல்லிவிட்டார். தட்டில் 14 குமிழ்தான் மீதி இருக்கிறது. எல்.ஈ.டி. கொடுத்தால் சிலர் இரண்டு நாளில் திரும்பி வந்து சண்டை பிடிக்கிறார்கள். என்ன சொல்லி விற்பது?"

முதலில் ஏஜெண்டிடம் இன்னும் ஒன்றைக் கேட்டுவிடுங்கள். கம்பனி அந்தக் குமிழைச் செய்வதையே நிறுத்திவிட்டதா, அவர் மட்டும் எடுப்பதை விட்டுவிட்டாரா? இரண்டுக்கும் அவர் "வராது" என்ற ஒரே சொல்லைத்தான் சொல்வார். கம்பனியே நிறுத்தியிருந்தால், எந்த வகை, பின்னா ஸ்க்ரூவா, எத்தனை வாட் என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 100 வாட் நின்று 60 வாட் தொடர்ந்து வருவதும் உண்டு. அது தெரியாமல் கடையில் எல்லாமே நின்றுவிட்டது என்று சொல்லிவிட்டு, அடுத்த கிழமை பக்கத்துக் கடையில் 60 வாட் தொங்கினால், அதன்பிறகு நீங்கள் சொல்லும் எதையும் யாரும் நம்பமாட்டார்கள்.

நிச்சயமாகத் தெரிந்த பிறகு "அடுத்த கிழமை வரும்" என்ற பேச்சுக்கே இடம் கொடுக்காதீர்கள். தட்டிக்கழிக்க நாம் எல்லோரும் சொல்லும் பேச்சுத்தான் அது. ஆனால் தோட்டத்திலிருந்து வரும் ஒரு பெண் அதை நம்பி மறுபடி பஸ் ஏறி வந்தால் அவருக்கு அரை நாள் போகிறது, சில வேளை அன்றைய சம்பளமும் போகிறது. "அக்கா, இது இனிமேல் வராது. செய்வதை நிறுத்திவிட்டார்கள். எதற்குப் போடப்போகிறீர்கள் என்று சொல்லுங்கள், அதற்கு ஏற்றதைப் பார்ப்போம்" என்று நேராகச் சொல்லிவிடுங்கள்.

சண்டை வருவதா வராததா என்பது "எதற்கு" என்ற அந்தக் கேள்வியில்தான் இருக்கிறது. மஞ்சள் குமிழ் இரண்டு வேலை செய்யும் பொருள். அதற்குள் போகும் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்குக்கும் மேல் வெப்பமாகப் போகிறது, மிச்சம்தான் வெளிச்சம். வெளிச்சத்துக்காக வாங்குபவருக்கு அந்த வெப்பம் வீண். ஆனால் நம் பக்கத்துக் குளிரில் அந்த வெப்பத்துக்காகவே வாங்குபவர்களும் இருக்கிறார்கள். எல்.ஈ.டி. முதலாமவருக்கு மாற்று, இரண்டாமவருக்கு அது மாற்றே அல்ல.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். லிந்துலைப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அண்ணன் 100 வாட் குமிழ் இரண்டு கேட்டார். இல்லாததால் 12 வாட் எல்.ஈ.டி. இரண்டைக் கொடுத்து, "வெளிச்சம் அதே அளவு, பில் குறைவு" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்றார். 25 கோழிக்குஞ்சுகளைப் பெட்டியில் வைத்து மேலே அந்தக் குமிழ்களைத் தொங்கவிட்டிருக்கிறார். விடியும்போது ஒன்பது செத்துக் கிடந்தன. பெட்டிக்குள் பளிச்சென்று வெளிச்சம் இருந்ததால் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. அவர் கேட்டது சூடு, நான் விற்றது வெளிச்சம். எதற்கு என்று நான் கேட்டிருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்திருக்கும்.

முதல் கிழமையில் குஞ்சுக்கு அதன் முதுகு உயரத்தில் 32 முதல் 35 பாகை செல்சியஸ் சூடு வேண்டும். பிறகு கிழமைக்கு ஏறத்தாழ மூன்று பாகை குறைத்துக்கொண்டு வரலாம். நுவரெலியாவில் இரவு 10 பாகைக்கும் கீழே போகும் மாதங்கள் இருக்கின்றன. இவ்வளவு இடைவெளியை எந்த எல்.ஈ.டி.யாலும் நிரப்ப முடியாது. இவர்களுக்கு நீங்கள் காட்ட வேண்டியது அகச்சிவப்பு வெப்பக் குமிழ். கோழித் தீவனக் கடைகளில் இருக்கும், நீங்களும் கொஞ்சம் எடுத்து வைக்கலாம்.

கொடுக்கும்போது பழையதிலிருந்து அது எங்கே மாறுகிறது என்பதையும் சொல்லிக் கொடுங்கள். அது பெரும்பாலும் ஸ்க்ரூ வகை, வீட்டிலிருக்கும் பின் ஹோல்டரில் ஏறாது. ஏறினாலும் பிளாஸ்டிக் ஹோல்டர் அந்தச் சூட்டில் இளகிவிடும், ஆகவே பீங்கான் ஹோல்டர் அவசியம். பழைய குமிழ் சூட்டைச் சுற்றிலும் பரப்பியது, இது கீழ்நோக்கி ஓரிடத்தில் குவிக்கும். அதனால் இரண்டு 100 வாட் குமிழ் தொங்கிய இடத்தில் ஒரு 150 வாட் வெப்பக் குமிழ் போதுமானதாக இருக்கலாம். ஆனால் உயரம் முன்னையதைவிடக் கவனமாகப் பார்க்க வேண்டியது. ஒன்றரை அடியில் தொடங்கச் சொல்லுங்கள். வயரில் தொங்கவிடாமல் சங்கிலியில் மாட்டச் சொல்லுங்கள். கீழே மரத்தூள் கிடக்கிறது, அறுந்து விழுந்தால் தீப்பிடிக்கும். 12 மணி நேர இரவுக்குப் பழைய இரண்டு குமிழும் 2.4 அலகு எடுத்தன, இது 1.8 அலகு எடுக்கும்.

சரியாக இருக்கிறதா என்பதைக் குஞ்சுகளே காட்டிக்கொடுக்கும். ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கீச்சிட்டால் குளிர், சங்கிலியைக் கொஞ்சம் இறக்க வேண்டும். ஓரத்துக்கு ஓடி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பெட்டி முழுவதும் பரவிக் கிடந்தால் சரி. இந்த மூன்று வரியையும் பில்லின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுத்துவிட்டால், அவர் மறுநாள் காலையில் உங்கள் கதவைத் தட்ட மாட்டார்.

இனி வெளிச்சத்துக்கு வாங்குபவர். இவரிடம் நடக்கும் முதல் தவறு 9 வாட்டைக் கொடுப்பது. பெட்டியில் "90 வாட்டுக்குச் சமம்" என்றெல்லாம் அச்சிட்டிருப்பார்கள். அதைப் பார்க்காமல் லூமன் எண்ணைப் பாருங்கள். 230 வோல்ட்டில் ஒரு 100 வாட் மஞ்சள் குமிழ் சுமார் 1,300 லூமன் கொடுக்கும். 9 வாட் எல்.ஈ.டி. பெரும்பாலும் 800 முதல் 900, அது 60 வாட் குமிழுக்குத்தான் இணை. அதைக் கொண்டுபோனவர் "முன்னைப்போல வெளிச்சம் இல்லை" என்று திரும்பி வந்தால் நியாயம் அவர் பக்கம். 13 முதல் 15 வாட் வரை உள்ளதில் 1,300 லூமனுக்குக் குறையாததைக் கொடுங்கள்.

அடுத்த குறை நிறம். பழைய குமிழின் மஞ்சளுக்குப் பழகிய கண்ணுக்கு 6,500 கெல்வின் வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி வாசத்தைக் கொண்டுவரும். 2,700 அல்லது 3,000 என்று போட்ட 'வார்ம் வைட்' வகையும் கடையில் இருக்கட்டும். இரண்டையும் கவுண்டரில் ஒரே நேரத்தில் எரிய விடுங்கள். வாயால் விளக்குவதைவிட அது நல்லது, எதை எடுப்பது என்று அவரே முடிவு செய்துகொள்வார்.

லயத்து வீடுகளுக்கு இன்னொரு வித்தியாசமும் சொல்ல வேண்டியிருக்கிறது. பழைய குமிழ் நான்கு பக்கமும் வெளிச்சம் எறியும். சாதாரண எல்.ஈ.டி.யின் அடிப்பாகம் பிளாஸ்டிக் உடம்பு, அந்தப் பக்கம் வெளிச்சம் குறைவு. வயரில் தொங்கும் குமிழாக இருந்தால் கூரைப் பக்கம் இருட்டும். தடுப்புச் சுவரின் மேல் போட்டு இரண்டு அறைக்கும் ஒரே குமிழைப் பாவிப்பவருக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். அவருக்குச் சிறிய குமிழ் இரண்டாக வாங்குவதுதான் உதவும்.

மின்னழுத்தம் இறங்கும் லைன் ஓரத்து வீட்டுக்காரருக்கு உண்மையிலேயே நல்ல செய்தி இருக்கிறது. 230 வோல்ட் 180 ஆக இறங்கினால் மஞ்சள் குமிழின் வெளிச்சம் பாதிக்கும் கீழே போய்விடும். நல்ல எல்.ஈ.டி. அதே வெளிச்சத்தில் எரியும். ஆனால் பெட்டியில் 170 முதல் 265 வோல்ட் என்பதைப்போல அகன்ற எல்லை அச்சிட்டிருக்க வேண்டும். அது இல்லாத மலிவுச் சரக்கு மங்கும் அல்லது மினுங்கும்.

பில் கணக்கையும் ஒருமுறை காட்டலாம். நாளுக்கு ஐந்து மணி நேரம் எரித்தால் பழையது மாதம் 15 அலகு, 14 வாட் எல்.ஈ.டி. 2.1 அலகு. மாதம் 60 அலகை ஒட்டி நிற்கும் வீட்டுக்கு இந்தப் 13 அலகு பெரிய விஷயம். ஆனாலும் பேச்சை இந்த இலாபத்தில் தொடங்க வேண்டாம். இழப்பதை முதலில் சொல்லி, கிடைப்பதைப் பிறகு சொன்னால் இரண்டையும் நம்புவார்கள். டிம்மர் சுவிட்ச் வைத்தவர்களுக்கும், கண்ணாடி மூடியால் இறுக்கி அடைத்த வெளிவிளக்கு வைத்தவர்களுக்கும் சாதாரண எல்.ஈ.டி. ஒத்துவராது. முன்னையதில் மினுங்கும், பின்னையதில் சூடு அடைபட்டுச் சீக்கிரம் செத்துப்போகும்.

கடை வாசலில் ஓர் அட்டை தொங்கட்டும், சிங்களத்திலும் தமிழிலும்:

"100 வாட் மஞ்சள் குமிழ் இனி வராது. வெளிச்சத்துக்கு எல்.ஈ.டி. உண்டு. எல்.ஈ.டி. சூடு தராது. கோழிக்குஞ்சு, அடை முட்டைக்கு வாங்குவோர் எங்களிடம் கேட்டு வாங்கவும்."

மீதி 14 குமிழையும் விலை ஏற்றி விற்க வேண்டாம். தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்து, வீட்டில் ஏற்கெனவே குஞ்சு வளர்ந்துகொண்டிருப்பவர்களுக்கு மட்டும் ஆளுக்கு இரண்டு என்று கொடுங்கள். வெப்பக் குமிழுக்கு ஹோல்டர் மாற்றும்வரை அவர்களுக்கு அது போதும். அட்டை தொங்குவதற்கு முன் எல்.ஈ.டி. வாங்கிப்போனவர்களில் யாராவது குஞ்சுப் பெட்டிக்குப் போட்டிருந்தால், பில் இல்லாவிட்டாலும் திருப்பி எடுத்துக்கொள்ளுங்கள். லிந்துலை அண்ணனுக்குக் குமிழ்க் காசோடு ஒன்பது குஞ்சின் காசையும் கொடுத்தேன். அவர் இன்றும் என் கடைக்குத்தான் வருகிறார். ஆனால் எதை வாங்கினாலும், "முதலாளி, இது எதற்குத் தெரியுமா?" என்று அவரே முதலில் சொல்லிவிடுகிறார்.