ஆர்.டி. முதிர்வுத் தொகையை நாமே சரிபார்ப்பது எப்படி?

கேள்வி: மாதம் 5,000 ரூபாய் வீதம் 24 மாதத்துக்கு வங்கியில் ஆர்.டி. போட்டிருக்கிறேன், வட்டி 7%. மொத்தம் கட்டுவது 1,20,000. அதற்கு ரெண்டு வருஷ வட்டி 16,800 வரணும் இல்லையா? ஆனால் முதிர்வுத் தொகை 1,29,099 என்று போட்டிருக்கிறார்கள். வட்டியில் பாதியை எடுத்துக்கொண்டார்களா? நானே கணக்குப் போட்டுப் பார்க்க வழி உண்டா?

வங்கி போட்டிருக்கும் தொகை சரிதான். உங்கள் பணம் எங்கும் போகவில்லை. ஆனால் கேட்டது நல்ல கேள்வி. வங்கி கவுண்டரில் உட்கார்ந்திருந்த காலத்தில் ஆர்.டி. முடித்துப் பணம் வாங்க வந்தவர்களில் பலர் இதே சந்தேகத்தோடுதான் நின்றார்கள். கணினி காட்டும் தொகையைச் சொல்லி அனுப்பினால் அவர்களுக்கு நிம்மதி வராது. ஒரு தாளை எடுத்துப் போட்டுக் காட்டினால்தான் முகம் தெளியும். அந்தத் தாள் கணக்கையே இங்கே தருகிறேன்.

முதலில் அந்த 16,800 எங்கே தவறுகிறது என்று பார்ப்போம். 1,20,000 ரூபாயை முதல் நாளே மொத்தமாகக் கொடுத்து இரண்டு வருடம் வங்கியில் விட்டிருந்தால் அந்தக் கணக்கு பொருந்தும். அது எஃப்.டி.க்கான கணக்கு. ஆர்.டி.யில் முதல் தவணை மட்டும்தான் 24 மாதம் வங்கியில் இருக்கிறது. இரண்டாவது தவணை 23 மாதம், மூன்றாவது 22 மாதம் என்று குறைந்துகொண்டே வந்து, கடைசித் தவணை ஒரே ஒரு மாதம்தான் இருக்கிறது. 24, 23, 22 என்று 1 வரைக்கும் கூட்டினால் 300 வரும். அதாவது, ஒரு 5,000 ரூபாய் 300 மாதம் வங்கியில் கிடந்ததற்குச் சமம். 5,000 ரூபாய்க்கு 7% வட்டியில் ஒரு மாத வட்டி 29 ரூபாய் 17 காசு. அதை 300-ஆல் பெருக்கினால் 8,750 ரூபாய். தனி வட்டியாகவே கணக்குப் போட்டால் உங்களுக்கு வர வேண்டியது இவ்வளவுதான்.

இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். 300 மாதத்தை 24 தவணைக்குப் பங்கு போட்டால், ஒரு தவணை சராசரியாகப் பன்னிரண்டரை மாதம்தான் வங்கியில் இருந்திருக்கிறது. ‘கட்டிய மொத்தத்துக்கு வருஷத்துக்கு நாலு சதவீதம்கூட வரவில்லையே’ என்று சிலர் வருத்தப்படுவதற்குக் காரணம் இதுதான். விகிதம் 7%தான். பணம் அங்கே இருந்த காலம்தான் நீங்கள் நினைத்ததில் பாதி.

ஆக, அடித்தளம் 8,750. வங்கி தருவதோ 9,099. மீதி 349 ரூபாய் கூட்டு வட்டியால் வருகிறது. நம் ஊர் வங்கிகளில் ஆர்.டி.க்கு மூன்று மாதத்துக்கு ஒருமுறை, அதாவது காலாண்டுக்கு ஒருமுறை வட்டியை அசலோடு சேர்ப்பதுதான் வழக்கம். இதை வைத்துக் கையாலேயே கணக்கை முடித்துவிடலாம்.

ஒரு காலாண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் மூன்று தவணை கட்டுகிறீர்கள், மொத்தம் 15,000. காலாண்டு முடியும்போது அவை முறையே 3, 2, 1 மாதம் இருந்திருக்கும், கூட்டினால் 6 மாதம். 29.17-ஐ 6-ஆல் பெருக்கினால் 175 ரூபாய் வட்டி. எனவே ஒவ்வொரு காலாண்டும் புதிதாக 15,175 ரூபாயைக் கொண்டுவருகிறது. ஏற்கெனவே இருந்த பாக்கிக்கு அந்தக் காலாண்டின் வட்டி 1.75% (7-ஐ 4-ஆல் வகுத்தது). அவ்வளவுதான் விதி: பழைய பாக்கியை 1.0175-ஆல் பெருக்குங்கள், 15,175-ஐக் கூட்டுங்கள். 24 மாதத்துக்கு எட்டு வரி.

```
காலாண்டு 1      15,175
காலாண்டு 2      30,616
காலாண்டு 3      46,326
காலாண்டு 4      62,312
காலாண்டு 5      78,578
காலாண்டு 6      95,128
காலாண்டு 7    1,11,967
காலாண்டு 8    1,29,102
```

கடைசி வரி 1,29,102. உங்கள் ரசீதில் 1,29,099. அந்த மூன்று ரூபாய் ஏன் என்று கேட்பீர்கள். காலாண்டுக்கு நடுவே வரும் ஒரு மாதம், இரண்டு மாதத்துக்கு நான் தனி வட்டி போட்டிருக்கிறேன். ரசீதில் இருக்கும் தொகை, அந்த உதிரி மாதங்களுக்கும் கூட்டு வட்டி விகிதத்தையே பிரித்துப் போடும் சூத்திரத்தில் வருவது. இரண்டுமே புழக்கத்தில் உள்ள முறைகள். இந்த அளவு வித்தியாசத்துக்காக வங்கிக்கு நடக்க வேண்டாம்.

எக்செல் அல்லது கூகுள் ஷீட் கையில் இருந்தால் ரசீதில் இருக்கும் தொகையையே ஒரே வரியில் எடுக்கலாம்:

```
=FV((1+7%/4)^(1/3)-1, 24, -5000, 0, 1)
```

விடை 1,29,099 என்று வரும். இதில் இரண்டு இடத்தில் கவனம் வேண்டும். ஒன்று, கடைசியில் இருக்கும் அந்த 1. தவணை மாதத் தொடக்கத்தில் கட்டப்படுகிறது என்று அது சொல்கிறது. அதை விட்டுவிட்டால் ஒவ்வொரு தவணையும் ஒரு மாதம் தாமதமாக வந்ததாக எடுத்துக்கொண்டு 1,28,354 என்று காட்டும், அதாவது 745 ரூபாய் குறைவாக. இன்னொன்று, விகிதம். பலர் சுலபமாக 7%/12 என்று போடுகிறார்கள். அது மாதா மாதம் வட்டி சேர்ப்பதற்கான கணக்கு, 55 ரூபாய் கூடுதலாகக் காட்டும். இணையத்தில் கிடைக்கும் கால்குலேட்டர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாமல் இருந்தால், முதலில் இந்த இரண்டைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

இதெல்லாம் கணக்குத் தொடங்கிய நாளில் கொடுத்த தொகையைச் சரிபார்க்க. ஆனால் உண்மையான குழப்பம் வருவது முதிர்வு நாளில், கையில் வந்த பணம் ரசீதில் போட்டதைவிடக் குறையும்போது. எவ்வளவு குறைகிறது என்பதே பெரும்பாலும் காரணத்தைச் சொல்லிவிடும்.

அதிகம் பார்த்தது தாமதத் தவணை. எனக்குத் தெரிந்த ஒருவருக்குச் சம்பளம் 7-ஆம் தேதி வரும், ஆர்.டி. தவணையோ 5-ஆம் தேதி சேமிப்புக் கணக்கிலிருந்து தானாகப் போகும்படி வைத்திருந்தார். மூன்று முறை பாக்கி போதாமல் தவணை தவறி, ஒவ்வொரு முறையும் அடுத்த மாதத் தவணையோடு சேர்ந்து போயிருந்தது. அவருக்கும் உங்களைப் போலவே 5,000 ரூபாய், 7%. ஒவ்வொரு தாமதத்துக்கும் ஒரு மாத வட்டி 29 ரூபாய் போயிற்று. அதற்கு மேல் அபராதம். அவருடைய வங்கியில் 100 ரூபாய்க்கு மாதம் 1.50 என்பதால் ஒரு தவணைக்கு 75 ரூபாய். மூன்றுக்கும் சேர்த்து 312 ரூபாய் சொச்சம். அபராதம் வங்கிக்கு வங்கி மாறும், அஞ்சலகத்தில் 100 ரூபாய்க்கு மாதம் 1 ரூபாய். எனவே குறையும் தொகை நூறு, இருநூறு, முந்நூறு என்று இருந்தால் பாஸ்புக்கில் ஆர்.டி. பற்று விழுந்த தேதிகளை வரிசையாகப் பாருங்கள். ஒரு மாதம் காலியாகவும் அடுத்த மாதம் இரண்டு பற்றும் இருந்தால் காரணம் அதுதான்.

இங்கே ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். விகிதம் 7% என்று நீங்கள் நினைத்து, கணக்கு உண்மையில் 6.75%க்குத் தொடங்கப்பட்டிருந்தால் இதே 24 மாதத்துக்கு 340 ரூபாய் அளவுக்குக் குறையும். இது மூன்று தாமதத் தவணையின் தொகைக்கு மிக அருகில் இருக்கிறது. ஆகவே தேதிகளைப் பார்த்துத் தாமதம் எதுவும் இல்லையென்றால், ரசீதில் அச்சிட்ட விகிதத்தைப் படியுங்கள். விளம்பரத்தில் இருந்த விகிதம் வேறு காலத்துக்கானதாகவோ மூத்த குடிமக்களுக்கானதாகவோ இருக்கலாம். தொடங்கிய நாளின் விகிதம்தான் கடைசி வரை ஓடும், நடுவில் வங்கி ஏற்றினாலும் இறக்கினாலும் பழைய கணக்கைத் தொடாது.

குறைவு வட்டியில் கிட்டத்தட்டப் பத்தில் ஒரு பங்காக இருந்தால் அது டி.டி.எஸ். 2015 ஜூன் 1 முதல் ஆர்.டி. வட்டியும் இதற்குள் வந்துவிட்டது. 2025 ஏப்ரலிலிருந்து வரம்பு ஒரு நிதியாண்டில் 50,000 ரூபாய், மூத்த குடிமக்களுக்கு ஒரு லட்சம். ‘என் வட்டி மொத்தமே 9,000தானே, எனக்கு ஏன்?’ என்று தோன்றும். ஆனால் அதே வங்கியில் உங்களுக்கு எஃப்.டி. இருந்தால், வேறு கிளையில் இருந்தாலும், எல்லா வட்டியையும் கூட்டித்தான் வரம்பைப் பார்ப்பார்கள். பான் எண் கொடுத்திருந்தால் 10%, கொடுக்காவிட்டால் 20%. இப்படிப் பிடித்த வரி உங்கள் பான் எண்ணில் வரவாகியிருக்கும், வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்யும்போது கழித்துக்கொள்ளலாம்.

அஞ்சலக ஆர்.டி.க்கும் மேலே சொன்ன முறை அப்படியே பொருந்தும், அங்கேயும் காலாண்டுக் கூட்டு வட்டிதான். 2023 அக்டோபரில் வந்த 6.7% விகிதத்தில் மாதம் 5,000 வீதம் 60 மாதம் கட்டினால் சூத்திரத்தில் 3,56,829 வருகிறது.

இதையெல்லாம் பார்த்தும் வித்தியாசம் அடங்கவில்லை என்றால், கிளையில் முதிர்வு ரசீதைக் காட்டி வாதாட வேண்டாம். ஆர்.டி. கணக்கு எண்ணைக் கொடுத்து, தொடங்கிய நாளிலிருந்து முடித்த நாள் வரைக்குமான ஸ்டேட்மென்ட் கேளுங்கள். ஒவ்வொரு தவணையும், வரவு வைத்த வட்டியும், பிடித்த அபராதமும் வரியும் அதில் தேதியோடு இருக்கும். உங்கள் எட்டு வரிக் கணக்கைப் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு காலாண்டு முடிவிலும் பாக்கியை ஒப்பிட்டுக்கொண்டே வாருங்கள். எந்த வரியில் முதன்முதலாக விலகுகிறதோ அந்த மூன்று மாதத்தை மட்டும் காட்டி விளக்கம் கேட்டால் போதும்.