பின், ஸ்ட்ரீட் வியூ, போர்டு: மூன்றையும் ஒப்பிட்டுக் கடையைக் கண்டுபிடிப்பது

கேள்வி: ஒரு கடை மேப்பில் காட்டும் இடத்தில்தான் இருக்கிறதா என்று நேரில் போகாமல் எப்படி உறுதி செய்வது? மேப்பில் கடையைக் குறிக்கும் பின்னை அழுத்தி, தெருவில் எடுத்த படங்களைக் காட்டும் ஸ்ட்ரீட் வியூவைப் பார்த்தால் வேறு கடை தெரிகிறது. நான் இதற்குப் புதிது.

யாரோ உங்களிடம் ஒரு முகவரியைக் கொடுத்து "சரியா இருக்கா பார்" என்று உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். கடைகளில் இருக்கும் எடை மெஷின்களைப் பழுது பார்க்க டெக்னீஷியன்களை அனுப்புவதுதான் என் வேலை. கிளம்புகிறவருக்குச் சரியான இடத்தைச் சொல்லி அனுப்புவது என் பொறுப்பு. அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

முதலில் ஒரு விஷயம். கூகுள் மேப்ஸில் கடையின் பக்கத்தைத் திறந்து, அங்கே இருக்கும் ஸ்ட்ரீட் வியூ படத்தை அழுத்துகிறீர்கள் அல்லவா? அந்தப் படம் பின்னிடம் கேட்டுத்தான் வருகிறது. பின்னுக்கு மிக அருகில் எடுத்த படத்தைத் தேர்ந்து, கேமராவைப் பின் இருக்கும் பக்கம் திருப்பிக் காட்டுகிறார்கள். பின் தவறாக இருந்தால் கேமராவும் தவறான கட்டிடத்தைத்தான் பார்க்கும். ஸ்ட்ரீட் வியூவுக்குள் மிதக்கும் கடைப் பெயர்களும் அப்படித்தான். அவை படத்திலிருந்து படிக்கப்பட்டவை அல்ல, மேப்பிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டவை. எனவே "பின்னும் ஸ்ட்ரீட் வியூவும் ஒத்துப் போகின்றன" என்பது பாதிச் சாட்சிகூட இல்லை. படத்துக்குள் இருக்கும் போர்டை உங்கள் கண்ணால் படித்த பிறகுதான் அது சாட்சி.

அப்புறம் பின் எங்கே இருக்கிறது என்பதையே பலர் தவறாக எடுத்துக்கொள்கிறார்கள். கம்ப்யூட்டரில் கடையைத் திறந்ததும் மேலே வரும் லிங்க்கைப் பாருங்கள். எண்களை நானாகப் போட்டிருக்கிறேன், அமைப்பை மட்டும் கவனியுங்கள்:

```
/@12.34567,45.67891,17z/data=...!3d12.34591!4d45.67820
```

`@` குறிக்குப் பின்னால் வருவது உங்கள் திரையின் நடுப்புள்ளி. மேப்பை நகர்த்தினால் அது மாறிவிடும். கடையின் பின் `!3d`, `!4d` இரண்டுக்கும் பின்னால் இருக்கிறது. மேலே உள்ள இரண்டு புள்ளிகளுக்கும் இடையே ஏறக்குறைய 80 மீட்டர். முதல் எண்களை நகலெடுத்து அனுப்பினால் ஆள் அடுத்த தெருவில் போய் நிற்பார். தசமப் புள்ளிக்குப் பின் ஐந்தாவது இலக்கத்தில் ஒன்று மாறினால் சுமார் 1 மீட்டர், நான்காவதில் மாறினால் சுமார் 11 மீட்டர் நகரும். ஒரு கடையின் வாசலைச் சொல்ல ஐந்து இலக்கம் போதும்.

பின் விழுந்திருக்கும் விதத்தையும் பாருங்கள். கடைக்காரரே வைத்த பின் பெரும்பாலும் ஒரு கூரையின் மேலோ வாசலிலோ இருக்கும். முகவரியை வைத்து மேப் தானாக ஊகித்த பின், தெருவின் நடுவிலோ முனையிலோ விழுந்து கிடக்கும். ஒரே புள்ளியில் சம்பந்தமில்லாத பல கடைகள் குவிந்திருந்தால் அதுவும் ஊகம் என்பதற்கு அடையாளம்.

இனி நான் பார்த்த ஒரு கடையைச் சொல்கிறேன், உங்கள் நிலைமையும் கிட்டத்தட்ட இதுவாக இருக்கலாம். ஒரு நகைக்கடை. அதன் பின், மேப்பில் ஒரு தெருமுனைக் கட்டிடத்தின் மேல் இருந்தது. ஸ்ட்ரீட் வியூ திறந்தால் அங்கே மருந்துக்கடை. கூட வேலை செய்கிறவர் "கடை மூடிட்டாங்க" என்று முடிவே கட்டிவிட்டார். எனக்கு மனம் ஒப்பவில்லை, ஏனென்றால் அந்தக் கடைக்கு அண்மையில்கூட ரிவ்யூ வந்திருந்தது.

முதலில் தேதியைப் பார்த்தேன். ஸ்ட்ரீட் வியூ படத்தில் அது எந்த மாதம், எந்த ஆண்டு எடுத்தது என்று போட்டிருக்கும். கம்ப்யூட்டரில் `See more dates` என்பதை அழுத்தினால், பழைய படங்கள் இருக்கும் இடங்களில் அவையும் வரும். பழைய படத்தில் அதே முனையில் நகைக்கடையின் போர்டு தெளிவாக இருந்தது. புதிய படத்தில் மருந்துக்கடை. ஆக, பின் ஒரு காலத்தில் சரியாக இருந்திருக்கிறது. கடை இடம் மாறியிருக்கிறது, பின் மட்டும் பழைய வாசலிலேயே நின்றுவிட்டது.

புதிய இடம் எது? இதற்குக் கைகொடுத்தது வாடிக்கையாளர் ஒருவர் ரிவ்யூவில் போட்ட வாசல் படம். அந்த மாதிரிப் படத்தில் கடையின் பெயரைப் பார்த்துவிட்டுக் கண்ணை எடுத்துவிடாதீர்கள். கிளைகள் எல்லாவற்றிலும் ஒரே போர்டுதான் தொங்கும், அதிலிருக்கும் முகவரி தலைமைக் கடையுடையதாகவும் இருக்கலாம். ஓரங்களைப் பாருங்கள். இந்தப் படத்தில் இடது ஓரத்தில் பச்சைக் கைப்பிடி போட்ட மாடிப்படி பாதி தெரிந்தது. வலது ஓரத்தில் ஒரு தையல்கடை போர்டின் கடைசி எழுத்துகளும், போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களும். வாசலுக்கு நேர் எதிரே நின்று எடுத்திருந்தார், பாதையில் ஒரு மின்கம்பத்தின் அடி தெரிந்தது. சாயம் மாறும், பேனர் மாறும். படிக்கட்டு, கம்பம், ஜன்னலின் எண்ணிக்கை இவை அவ்வளவு சீக்கிரம் மாறாது.

பிறகு கடையின் பக்கத்தை விட்டுவிட்டு, மேப்பின் மூலையில் இருக்கும் மஞ்சள் பொம்மையை இழுத்துப் பக்கத்துத் தெருவில் போட்டேன். பொம்மையை எடுத்ததும் தெருக்களில் நீலக் கோடுகள் தெரியும், சில இடங்களில் தனித்தனி நீலப் புள்ளிகளும் தெரியும். கோடு என்றால் தொடர்ச்சியாக எடுத்த படங்கள். புள்ளி என்றால் பெரும்பாலும் யாரோ ஒருவர் ஏற்றிய ஒற்றைப் படம், அது வேறு இடத்தில் பதிந்திருக்கலாம். கோட்டில் போடுங்கள்.

முனையிலிருந்து தெருவுக்குள் கொஞ்ச தூரத்திலேயே தையல்கடை கிடைத்தது. போன் எண்ணின் கடைசி நான்கு இலக்கம் பொருந்தியது. அதற்கு இடப்பக்கம் ஒரு மூடிய ஷட்டர், அதற்கும் இடப்பக்கம் பச்சைக் கைப்பிடி மாடிப்படி. எதிரே கம்பம். நகைக்கடை போர்டு மட்டும் இல்லை. அந்தத் தெருவில் ஸ்ட்ரீட் வியூ எடுத்தது கடை மாறுவதற்கு முன்பு. இந்த இடத்தில்தான் புதியவர்கள் "போர்டு இல்லை, அதனால் இது இல்லை" என்று திரும்பிவிடுகிறார்கள். போர்டு இல்லாதது படத்தின் வயதைத்தான் சொல்கிறது. இடமும் வலமும் அதே வரிசையில் பொருந்தியதே, அதுதான் இடத்தைச் சொல்கிறது. ஆனால் ஒரு பக்கம் மட்டும் பொருந்தினால் நம்பாதீர்கள். தையல்கடைக்கும் கிளை இருக்கலாம்.

இடம் தெரிந்தாயிற்று, இனி அதன் புள்ளி வேண்டும். ஸ்ட்ரீட் வியூ லிங்க்கில் `@` குறிக்குப் பின் வருவது கேமரா நின்ற இடம், அதாவது நடுத்தெரு. அதைக் கடையின் இடமாக அனுப்பக் கூடாது. அதே லிங்க்கில் `45h` என்பது போல ஒன்று இருக்கும். கேமரா பார்க்கும் திசை அது: 0 வடக்கு, 90 கிழக்கு, 180 தெற்கு, 270 மேற்கு. ஷட்டரின் நடுவைத் திரையின் நடுவுக்குக் கொண்டுவந்தேன், `45h` என்று காட்டியது. தெருவில் வடக்கே நகர்ந்து மறுபடி ஷட்டரை நடுவுக்குக் கொண்டுவந்தேன், `135h`. இரண்டு நிலைகளுக்கும் இடையே மேப்பில் அளந்தால் 20 மீட்டர். முதல் நிலையிலிருந்து வடகிழக்காக ஒரு கோடு, இரண்டாவதிலிருந்து தென்கிழக்காக ஒரு கோடு. இரண்டும் சந்திப்பது, அந்த இரு நிலைகளின் நடுவிலிருந்து கிழக்கே 10 மீட்டரில். `Measure distance` வைத்து அளந்து அந்தப் புள்ளியை வலது கிளிக் செய்தால் எண்கள் கிடைக்கும். செயற்கைக்கோள் படத்தில் அந்தப் புள்ளி ஒரு கட்டிடத்தின் தெருப்பக்க ஓரத்தில் விழ வேண்டும். கூரையின் நடுவிலோ தெருவிலோ விழுந்தால் எங்கோ பிசகு. உயரமான கட்டிடங்கள் அந்தப் படத்தில் ஒரு பக்கம் சாய்ந்து தெரியும் என்பதால் மாடி விளிம்பைப் பார்க்காமல் கட்டிடத்தின் அடியைப் பாருங்கள்.

"இவ்வளவு எதற்கு, ஒரு போன் போட்டால் முடிந்தது" என்று கீழே யாராவது எழுதுவார்கள், தெரியும். நானும் போன் செய்தேன், செய்யாமல் இருப்பதில்லை. எடுத்தவர் "முனை தாண்டி வலது பக்கம்" என்றார். கடைக்குள் நின்று தெருவைப் பார்த்துச் சொல்கிறவரின் வலது, தெருவில் வருகிறவரின் வலது அல்ல. அதனால் நான் "வழி சொல்லுங்கள்" என்று கேட்பதில்லை. "உங்கள் கடைக்குப் பக்கத்தில் தையல்கடையும் பச்சைக் கைப்பிடி மாடிப்படியும் இருக்கா?" என்று கேட்பேன். அவர் ஆம் என்றால் படமும் ஆளும் ஒத்துப் போகிறார்கள். டெக்னீஷியன் போனார், கடை அங்கேயே இருந்தது.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்கிறேன். நான் முன்பு இருந்த ஒரு நிறுவனத்தில், தவறான முகவரிக்குப் போய்த் திரும்பி வந்தால் அந்தப் பயணச் செலவை டெக்னீஷியன் தலையில் கட்டுவார்கள். முகவரியைக் கொடுத்தது ஆபீஸ். அலைந்தது அவர். பணம் போனதும் அவருக்கே. நான் இதைப் பற்றிக் கேட்டபோது "மேப் பார்க்கத் தெரியாதா அவருக்கு" என்றார்கள். அந்தக் கோபம் இன்னும் எனக்குத் தணியவில்லை.

எல்லாக் கடைக்கும் இது வேலை செய்யாது. வணிக வளாகத்தின் உள்ளே, இரண்டாம் மாடியில், பின்பக்கச் சந்தில் இருக்கும் கடைகளை ஸ்ட்ரீட் வியூ பார்த்திருக்காது. அங்கே வாசல் வரை உறுதி செய்யலாம், உள்ளே கடை எண்ணைப் போனில்தான் கேட்க வேண்டும். போர்டில் அம்புக்குறி இருக்கிறதா என்றும் பாருங்கள், போர்டு தெருவிலும் கடை மாடியிலும் இருக்கும். முகங்களையும் வண்டி எண்களையும் மறைக்கும் மங்கல் சில சமயம் போர்டின் எண்கள் மேலும் விழுந்துவிடும். நாலடி நகர்ந்து பக்கத்துப் படத்தில் பாருங்கள், அங்கே தெளிவாக இருக்கலாம்.

முடித்ததும் வெறும் எண்களை மட்டும் அனுப்பாதீர்கள். ஐந்து இலக்கப் புள்ளி, பக்கத்தில் "தெருவின் கிழக்குப் பக்கம், தையல்கடைக்கும் பச்சை மாடிப்படிக்கும் நடுவில், ஸ்ட்ரீட் வியூவில் மூடிய ஷட்டராகத் தெரியும், படம் இன்ன மாதம் எடுத்தது" என்று ஒரு வரி. பின்னைத் திருத்தச் சொல்லி `Suggest an edit` வழியாக அனுப்பும்போதும் வாசல் படத்தைச் சேர்த்தே அனுப்புங்கள்.