எதிர்முறுக்கு என்று பாராட்டும் மக்கள்

கேள்வி: என் கற்பனை உலகத்து மக்களுக்கென்று சொந்தமாக முகமன், சொலவடை, வசவு எல்லாம் உருவாக்கப் பார்க்கிறேன். எழுதி முடித்தால் ஒட்டவைத்தது போலத் தெரிகிறது. அவர்கள் எதை மதிப்பவர்கள் என்பது பேச்சிலேயே தெரியும்படி எப்படிச் செய்வது?

வசவிலிருந்து தொடங்குங்கள். முகமன் சொல்லும்போது எல்லாரும் தங்கள் நல்ல முகத்தைத்தான் காட்டுவார்கள். கோபத்தில் வாயில் வருவதில் அப்படி ஒளிக்க முடியாது.

கனடாவின் கியூபெக் பகுதியில் பிரெஞ்சு பேசுபவர்களின் கடுமையான வசைச்சொற்கள் பலவும் தேவாலயத்துப் பொருட்களின் பெயர்கள். 'தபர்நாக்' என்பது திருவப்பம் வைக்கும் பேழை, 'கலீஸ்' வழிபாட்டுக் கிண்ணம். பள்ளிக்கூடம், மருத்துவமனை எல்லாம் 1960கள் வரை திருச்சபையின் பிடியில் இருந்த ஊர் அது. டச்சுக்காரர்கள் திட்டும்போது நோய்களை இழுக்கிறார்கள்: காசநோய், டைபாய்டு, புற்றுநோய். முதலாவது புனிதமானதைத் தொட்டு அதிரவைக்கிறது, இரண்டாவது பயந்த ஒன்றை எதிராளி மேல் ஏவுகிறது. உங்கள் மக்களைப் பற்றியும் இந்த இரண்டைத்தான் முதலில் முடிவு செய்ய வேண்டும். எதைத் தொட்டால் துடிப்பார்கள்? இரவில் எதை நினைத்தால் தூக்கம் வராது?

நான் எழுதிவரும் கதையை வைத்தே சொல்கிறேன். அதில் ஒரு கூட்டம் செங்குத்துப் பாறைச் சுவர்களில் வாழ்கிறது. பாறை இடுக்குகளில் தேனும் பறவை முட்டையும் எடுப்பதுதான் தொழில். ஒருவர் கயிற்றில் தொங்குவார், மேலே ஒருவர் பிடித்திருப்பார். முதலில் 'கயிறு உன்னைக் காக்கட்டும்' என்று ஒரு வாழ்த்தும், 'கயிறு அறுந்தவனே' என்று ஒரு வசவும் வைத்தேன். இரண்டுமே உயிரில்லாமல் கிடந்தன. ஏன் என்று பிடிபட நாளானது. கயிறு இருக்கும் இடத்தில் வாள், படகு, நெருப்பு என்று எதைப் போட்டாலும் அந்த வாக்கியங்கள் அப்படியே ஓடும். பொருளை மாற்றியும் ஒரு தொடர் நிற்கிறது என்றால் அது அந்த மக்களுடையது இல்லை. இந்தச் சோதனையை இன்றுவரை விடாமல் செய்கிறேன்.

அப்புறம் கயிறு எப்படித் திரிக்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். நாரை ஒரு பக்கமாக முறுக்கி நூலாக்குவார்கள். நூல்களைச் சேர்த்து அதற்கு எதிர்ப்பக்கமாக முறுக்கிப் புரியாக்குவார்கள். மூன்று புரிகளைச் சேர்த்து மறுபடியும் எதிர்ப்பக்கமாக முறுக்கினால் கயிறு. ஒவ்வொரு படியிலும் முறுக்கு மாறுவதால்தான் ஒன்று பிரியப் பார்க்கும்போது மற்றொன்று இறுகிக்கொள்கிறது. எல்லாவற்றையும் ஒரே பக்கம் முறுக்கினால் கையை விட்டதும் பிரிந்துவிடும்.

இதைப் படித்த அன்றே 'எதிர்முறுக்கு' என்ற சொல் கிடைத்தது. அந்த மக்களிடம் அது பாராட்டு. தன்னோடு வாதாடி, தப்பைச் சொல்லி, அதனாலேயே தன்னைப் பிரியாமல் காப்பவரை அப்படிச் சொல்வார்கள். கதையில் ஒரு பாட்டி பேத்தியிடம் அவள் கட்டிக்கொள்ளப்போகிறவனைப் பற்றி விசாரிக்கிறாள்.

"பையன் எப்படிடி?"

"நல்ல எதிர்முறுக்கு, பாட்டி. நேற்றுகூட மூன்று தடவை சண்டை."

"அப்போ சரி."

இதற்கு நான் விளக்கம் எழுதவில்லை. பாட்டியின் 'அப்போ சரி' அந்த வேலையைச் செய்துவிடுகிறது. நமக்குக் குறையாகப் படுவது அவர்களுக்கு நிறையாக இருக்கும் இடத்தைப் பிடித்துவிட்டால், வாசகர் அந்தச் சமூகத்துக்குள் ஒரு காலை வைத்துவிடுவார்.

அதே தொழிலிலிருந்துதான் முகமனும் வந்தது. சந்திக்கும்போது வருகிறவர் தன் கயிற்றை நீட்டி 'பார்' என்பார். மற்றவர் அதை விரல்களுக்கு இடையில் ஓடவிட்டு 'பார்த்தேன்' என்பார். நைந்த இடம் தட்டுப்பட்டால் 'இங்கே கை நிற்கிறது' என்று சொல்ல வேண்டும். சொல்வதில் அவமரியாதை இல்லை, சொல்லாமல் விடுவதுதான் துரோகம். பிறகு கயிற்றோடு சம்பந்தமே இல்லாத பஞ்சாயத்திலும் ஒருவர் எழுந்து 'எனக்கு இதில் கை நிற்கிறது' என்று மறுப்புத் தெரிவிக்கிறார். தொழிலில் நேர்ப்பொருளாகப் பிறந்த தொடர் வேறொரு இடத்துக்கு நடந்து போனால்தான் அது சொலவடை.

இப்போது வசவு தானாக வருகிறது. 'கயிறு அறுந்தவன்' அவர்களிடம் வசவே ஆகாது. யார் கயிறும் நையும். 'இழை மறைத்தவன்' என்பதற்குத்தான் ரத்தம் கொதிக்கும், ஏனென்றால் நைந்த இழையை மறைத்தவன் அந்தக் கயிற்றை நம்பி இறங்குபவனைக் கொல்கிறான். வசவுக்கும் படிகள் வேண்டும். நழுவவிடும் குழந்தையை அம்மா செல்லமாகப் 'பஞ்சுக்கை' என்பாள். 'இழை மறைத்தவன்' என்றால் கைகலப்பு. 'உன் கயிற்றை நீயே பிடி' என்பதைக் குரல் உயர்த்தாமல் சொல்வார்கள், அதற்குப் பிறகு அந்த ஆளோடு யாரும் இறங்க மாட்டார்கள். மெதுவாகச் சொல்லும் வசவு கூடுதல் கொடூரமாக இருப்பதே அவர்களின் பயம் எது என்று காட்டிவிடுகிறது. அவர்கள் பயப்படுவது விழுவதற்கு இல்லை, பிடிக்க ஆளில்லாமல் போவதற்கு.

இங்கே நான் செய்த பெரிய தப்பு அளவு. ஓர் அத்தியாயத்தில் கயிற்றை வைத்து 14 தொடர்கள் போட்டிருந்தேன். படித்த தோழி, இவர்களுக்குக் கயிற்றைத் தவிர வேறு நினைப்பே இல்லையா என்று கேட்டாள். கேட்டது நியாயம். எந்த மக்களும் ஒரே பொருளை வைத்துப் பேசுவதில்லை. சமையல், பிள்ளை, வானிலை, செத்தவர்கள் என்று எல்லாவற்றிலிருந்தும் தொடர்கள் வரும். நான்கை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டினேன். அந்த நான்கும் வெவ்வேறு வாய்களில், வெவ்வேறு மனநிலையில் திரும்ப வரும்படி செய்தேன். திரும்ப வருவதால்தான் வாசகர் அகராதி இல்லாமலே கற்றுக்கொள்கிறார்.

புழங்கும் தொடர் தேயும் என்பதையும் மறக்காதீர்கள். ஆங்கிலத்தின் 'குட்பை', 'கடவுள் உன்னோடு இருக்கட்டும்' என்று பொருள்படும் முழு வாக்கியம் தேய்ந்து வந்ததுதான். என் கதையில் சமவெளிக்கு இறங்கிக் கடை வைத்தவர்களின் பிள்ளைகளும் 'பார்', 'பார்த்தேன்' என்கிறார்கள், ஆனால் கையில் கயிறு கிடையாது. வெறும் கையை நீட்டி எடுத்துக்கொள்கிறார்கள். மேலிருந்து வரும் தாத்தா ஒருவர் அந்த வெறும் கையைப் பிடித்து, விரல் விரலாகத் தடவிப் பார்த்துவிட்டுத்தான் 'பார்த்தேன்' என்கிறார்.

கடைசியாக, தமிழில் எழுதும்போது வரும் ஒரு சிக்கல். உருவாக்கிய தொடர்களைக் கவனிக்கும் அளவுக்கு, தானாக வந்து விழும் நம் தொடர்களைக் கவனிக்க மாட்டோம். ஆறோ கடலோ பார்க்காத அந்த மக்களைப் பற்றி 'ஒருவழியாகக் கரை சேர்ந்தாள்' என்று நானே எழுதி வைத்திருந்தேன். 'உப்புப் பெறாத விஷயம்', 'முளையிலேயே கிள்ளு' என்று இன்னும் சில. கதைசொல்லியின் நடையில் இவற்றில் சிலவற்றை விட்டுவிடலாம், பேச்சில் விடவே கூடாது. இப்போதெல்லாம் ஓர் அத்தியாயம் முடிந்ததும் உரையாடல்களை மட்டும் தனியே எடுத்து, கரை, உப்பு, விதை, ஏர் என்று ஒவ்வொரு சொல்லாகத் தேடிப் பார்க்கிறேன். 'கரை சேர்ந்தாள்' இருந்த இடத்தில் இப்போது 'விளிம்பில் கை வைத்தாள்' இருக்கிறது.