ஜனவரி சம்பளத்தில் பிடித்த கூடுதல் வரி: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிப்ரவரி பிறந்துவிட்டால் எனக்கு வரும் கடிதங்களில் பாதி ஒரே கதையைத்தான் சொல்கின்றன: வரிச்சலுகைக்கான ஆதாரங்களைச் சமர்ப்பிக்கத் தவறிவிட்டேன், ஜனவரி சம்பளத்தில் வரி மொத்தமாகப் போய்விட்டது, நிறுவனத்தின் சம்பளப் பிரிவான பேரோலுக்கு என்ன எழுதுவது? இந்த முறை வந்தவற்றில் சிலவற்றை எடுத்துக்கொள்கிறேன். ஒன்றைத் தவிர எல்லாமே 2025-26 நிதியாண்டைப் பற்றியவை. ஆகவே 1961ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டமே இவற்றுக்குப் பொருந்தும். 2026 ஏப்ரல் முதல் புதிய சட்டம் நடைமுறைக்கு வருவதால், அதன் பிறகான ஆண்டுகளுக்கு இந்தப் படிவ எண்களை அப்படியே நம்பியிருக்க வேண்டாம்.

கேள்வி: ஆதாரம் கொடுக்க ஜனவரி 15தான் கடைசி நாள் என்று என் நிறுவனம் சொல்கிறது. சட்டத்தில் அப்படி உள்ளதா?

இல்லை. அது நிறுவனம் தன் வசதிக்காக வைத்துக்கொண்ட கெடு. ஆதாரத்தைப் பெற்றுக் கணக்கிடும் பொறுப்பைத்தான் சட்டம் நிறுவனத்தின் மீது சுமத்துகிறது, தேதியைக் குறிப்பிடவில்லை. கெடு தாண்டியவர் கேட்பது சலுகை என்பதை மறவாமல், கடிதத்தின் தொனியை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வரி அதிகமாகப் பிடித்துவிட்டார்கள். எவ்வளவு திரும்பக் கிடைக்கும்?

சம்பளம் எவ்வளவு, பழைய வரி முறையா புதிய வரி முறையா, எதை அறிவிக்கத் தவறினீர்கள் என்ற மூன்றில் ஒன்றைக்கூட எழுதாமல் தொகையை மட்டும் கேட்டால் ஜோதிடரிடம்தான் போக வேண்டும். பேரோலுக்கும் இதே போலத்தான் எழுதியிருப்பீர்கள் என்றால், பதில் வராததில் வியப்பில்லை.

கேள்வி: சென்னையில் தனியார் நிறுவனத்தில் பணிபுரிகிறேன், ஆண்டுச் சம்பளம் 15 லட்சம். ஏப்ரலில் பழைய வரி முறையைத் தெரிவு செய்தேன். மாத வாடகை 30,000 ரூபாய். மதுரையில் பெற்றோர் வசிக்கும் என் சொந்த வீட்டின் கடனுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் வட்டி கட்டுகிறேன். காப்பீட்டுத் தவணை 60,000. அம்மா மருத்துவமனையில் இருந்ததால் ஜனவரியில் எதையும் பதிவேற்றவில்லை. ஜனவரி சம்பளத்தில் சுமார் 57,000 ரூபாய் பிடித்துவிட்டார்கள். பேரோலுக்கு நான் எழுத வேண்டிய கடிதம் எப்படி இருக்க வேண்டும்? பிடித்த பணம் திரும்பி வருமா?

கேட்க வேண்டிய விதத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஆகவே கணக்கைப் போட்டே பார்த்துவிடலாம். உங்கள் அடிப்படைச் சம்பளம் 7.5 லட்சம் என்றும், வீட்டு வாடகைப்படி அதில் பாதி என்றும் இணைத்த சம்பளச் சீட்டிலிருந்து தெரிகிறது. நீங்கள் செலுத்தும் ஆண்டு வாடகை 3.6 லட்சத்தில் அடிப்படைச் சம்பளத்தின் பத்து சதவீதத்தைக் கழித்தால் 2.85 லட்சம் வருகிறது, வரிவிலக்கு அவ்வளவுதான். நிலையான கழிவு 50,000, வைப்பு நிதி 90,000, காப்பீடு 60,000, வட்டி 2 லட்சம் ஆகியவற்றையும் கழித்தால் வரிக்குரிய வருமானம் 8.15 லட்சம், வரி, செஸ் உட்பட, ஏறக்குறைய 78,500. அதைப் பன்னிரண்டாகப் பிரித்து மாதம் 6,500 ரூபாய்க்குச் சற்று மேலாகப் பிடித்துவந்ததால், டிசம்பர் வரை சுமார் 58,900 போயிருக்கிறது.

ஜனவரியில் ஆதாரம் வராததால், பேரோலின் கணக்கில் மிஞ்சியவை நிலையான கழிவும் சம்பளத்திலேயே பிடிக்கப்படும் வைப்பு நிதியும் மட்டும்தான். வரிக்குரிய வருமானம் 13.6 லட்சமாக ஏறி, வரி 2.29 லட்சமாகிவிட்டது. பாக்கி 1.70 லட்சத்தை எஞ்சிய மூன்று மாதங்களில் பிரித்ததில் மாதத்துக்கு 56,800. இதில் பேரோலின் தவறு எதுவுமில்லை. கடிதத்தில் "தவறாகப் பிடித்துவிட்டீர்கள்" என்று எழுதிவிடாதீர்கள். (அறிவிப்பு எதுவும் தராமல் புதிய முறையில் இருந்திருந்தால்கூட உங்கள் வரி 97,500தான். பழைய முறையைத் தெரிவு செய்துவிட்டு ஆதாரம் தராமல் இருப்பதைவிட நஷ்டமான நிலை வேறில்லை.)

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். இதை நான் ஆண்டுதோறும் சொல்கிறேன், ஆண்டுதோறும் யாரும் கேட்பதில்லை. பிடித்த வரி நிறுவனத்தின் பெட்டியில் இருப்பதில்லை. ஜனவரியில் பிடித்தது பிப்ரவரி 7ஆம் தேதிக்குள் அரசுக் கணக்கில் உங்கள் பான் எண்ணுக்கு எதிரே செலுத்தப்பட்டுவிடும். சம்பள நாளுக்கும் 7ஆம் தேதிக்கும் இடைப்பட்ட சில நாட்களில் எழுதியிருந்தால், மனமுள்ள பேரோல் அதிகாரி துணைச் சம்பளப் பட்டியல் ஒன்று போட்டு மாற்றியிருக்கலாம்; அதையும் உரிமையாகக் கேட்க முடியாது. அந்தத் தேதி தாண்டிய பிறகு பேரோலிடம் எஞ்சியிருக்கும் கருவி ஒன்றுதான்: 192(3) பிரிவின்படி, அதே நிதியாண்டின் எஞ்சிய மாதங்களில் பிடித்தத்தைக் குறைக்கலாம், தேவைப்பட்டால் பூஜ்யமாக்கலாம். பணத்தைத் திருப்பித் தருவது அதில் சேராது.

உங்கள் விஷயத்தில் இதன் விளைவைப் பாருங்கள். ஜனவரி வரை பிடித்தது 1,15,700. உண்மையான வரி 78,500. பிப்ரவரி, மார்ச் இரண்டிலும் பிடித்தம் பூஜ்யமாகும். அதாவது உங்கள் கடிதம் சுமார் 1.13 லட்சத்தைக் கையிலேயே நிறுத்திவைக்கும். மிகையான 37,200ஐ மட்டும் வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்து திரும்பப் பெற வேண்டும். கெடு நாளுக்குள் தாக்கல் செய்தால் ஏப்ரல் முதல் மாதத்துக்கு அரை சதவீத வட்டியும் சேரும். ஆனால் கடிதம் பிப்ரவரி சம்பளப் பட்டியல் மூடுவதற்கு முன் போய்ச் சேர வேண்டும். பல நிறுவனங்களில் அது 18ஆம் தேதி முதல் 22ஆம் தேதிக்குள் மூடிவிடும். உங்கள் நிறுவனத்தில் எந்த நாள் என்பதை முதலில் தொலைபேசியில் கேட்டுத் தெரிந்துகொண்டு பிறகு எழுத உட்காருங்கள். பட்டியல் மூடிய மறுநாள் போகும் கடிதத்தால் இன்னொரு 56,800 போய்விடும்.

கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்ட வேண்டாம். அம்மாவின் உடல்நிலையை ஒரு வரியில் சொன்னால் போதும். உடல் பகுதி இப்படி இருக்கலாம்:

> பொருள்: 2025-26 நிதியாண்டு – ஊதியத்தில் வருமான வரிப் பிடித்தத்தை மறுகணக்கிட வேண்டுதல்.
>
> மேலே குறிப்பிட்ட பணியாளர் எண்ணும் பான் எண்ணும் கொண்ட நான், ஏப்ரலில் பழைய வரி முறையைத் தெரிவித்திருந்தேன். குடும்பத்தில் ஏற்பட்ட மருத்துவ அவசரத்தால் ஜனவரி 15க்குள் ஆதாரங்களைச் சமர்ப்பிக்க இயலவில்லை. கையொப்பமிட்ட படிவம் 12பிபியையும் ஆதாரங்களையும் இத்துடன் இணைத்துள்ளேன். இவற்றின்படி என் ஆண்டு வரி ரூ.78,520 எனக் கணக்கிடுகிறேன். ஜனவரி வரை ரூ.1,15,700 பிடிக்கப்பட்டுள்ளது. எனவே 192(3) பிரிவின்கீழ் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரிப் பிடித்தம் செய்யாதிருக்குமாறு வேண்டுகிறேன். ஏற்கெனவே செலுத்தப்பட்ட மிகையை வருமான வரிக் கணக்கின் மூலம் பெற்றுக்கொள்வேன்.

அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கவில்லை என்பது தெரிந்தவுடன் பேரோல் அதிகாரிக்குப் பாதித் தயக்கம் போய்விடும். உங்கள் கடிதம் சட்டத் துறையின் மேசைக்குச் செல்லாமல் அவர் மேசையிலேயே முடியும்.

கழிவுகளின் விவரங்களைப் பேரோலுக்குத் தெரிவிக்கும் படிவம் 12பிபியில் பெரும்பாலோர் தவறுவது இரண்டு இடங்களில். ஆண்டு வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டு உரிமையாளரின் பெயர், முகவரியுடன் பான் எண்ணும் வேண்டும். இது எல்லோருக்கும் தெரியும். கடன் தந்த வங்கியின் பான் எண்ணையும் அதே படிவம் கேட்கிறது என்பது பலருக்குத் தெரியாது; அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு, வட்டிச் சான்றிதழை மட்டும் இணைத்து அனுப்புவார்கள், படிவம் திரும்பி வரும், அதற்குள் பட்டியல் மூடிவிடும். அந்த எண் பெரும்பாலும் வங்கியின் வட்டிச் சான்றிதழிலேயே இருக்கும், தேடி எழுதுங்கள்.

கேள்வி: ஏப்ரலில் நிறுவனத்துக்கு எந்த முறை என்று சொல்லவே இல்லை. இப்போது பழைய முறைக்கு மாற்றச் சொல்லிப் பேரோலுக்கு எழுதலாமா?

எழுதலாம், பெரும்பாலும் மறுப்பார்கள். சொல்லாதவரைப் புதிய முறையில் வைத்தே பிடிக்க வேண்டும் என்று மத்திய நேரடி வரிகள் வாரியம் 2023 ஏப்ரல் சுற்றறிக்கையில் தெளிவாக்கியிருக்கிறது. ஆனால் நிறுவனத்திடம் சொல்வதும் சொல்லாததும் பிடித்தத்துக்கு மட்டும்தான். தொழில் வருமானம் இல்லாத சம்பளக்காரர் கணக்குத் தாக்கல் செய்யும்போது பழைய முறையைத் தெரிவு செய்துகொள்ளலாம். கெடு நாளுக்குள் தாக்கல் செய்தால் மட்டுமே அந்த உரிமை உண்டு. தாமதமாகத் தாக்கல் செய்பவர் புதிய முறையில்தான் நிற்க வேண்டும்.

கேள்வி: டிசம்பரில் 14 லட்சத்துக்குக் கார் வாங்கினேன். விற்பனையாளர் ஒரு சதவீதம் வரி வசூலித்தார். இதைச் சம்பளப் பிடித்தத்தில் கழிக்க முடியுமா?

முடியும். 2024 அக்டோபர் முதல் அதற்கென்றே படிவம் 12பிஏஏ இருக்கிறது. அந்த 14,000ஐ அதில் அறிவித்தால் எஞ்சிய மாதங்களின் பிடித்தம் அவ்வளவு குறையும். புதிய முறையில் இருப்பவருக்கும் இது பொருந்தும். மார்ச் பட்டியல் மூடும் முன் கொடுங்கள்.

கேள்வி: சென்ற ஆண்டு ஆதாரம் தரவில்லை. பிடித்த வரியைப் பற்றி நிறுவனம் வரித் துறைக்குத் தரும் 24க்யூ அறிக்கையைத் திருத்தி, குறைந்த தொகையுடன் புதிய படிவம் 16 தருமாறு நிறுவனத்துக்கு மூன்று கடிதம் எழுதியும் மறுக்கிறார்கள். புகார் செய்யலாமா?

செய்ய வேண்டாம். அந்த அறிக்கை, நடந்ததைச் சொல்கிறது. உங்கள் சம்பளத்தில் அவ்வளவு பிடித்ததும் அவ்வளவு கட்டியதும் உண்மை. அதைக் குறைத்துக் காட்டினால்தான் தவறு. பான் எண் பிழை, தொகைப் பிழை போன்றவற்றுக்குத்தான் திருத்தம். நான்காவது கடிதத்துக்குச் செலவிடும் நேரத்தில் உங்கள் பான் எண்ணில் வரவான வரியைக் காட்டும் 26ஏஎஸ் பட்டியலைத் திறந்து, பிடித்தது முழுவதும் வந்திருக்கிறதா என்று பாருங்கள். வந்திருந்தால் உங்கள் பணம் கணக்குத் தாக்கலில் கிடைக்க வேண்டியது, நிறுவனத்திடம் அல்ல.

கேள்வி: நவம்பரில் வேலை மாறினேன். பழைய நிறுவனம் இறுதிக் கணக்கில் அதிகமாகப் பிடித்துவிட்டது. யாருக்கு எழுதுவது?

புதிய நிறுவனத்துக்கு. பழைய இடத்தின் சம்பளத்தையும் பிடித்தத்தையும் படிவம் 12பியில் கொடுத்தால், மார்ச்சுக்குள் அவர்கள் சரிக்கட்டுவார்கள். பிடித்தத்தை மட்டும் எழுதிச் சம்பளத்தை மறைக்க நினைக்காதீர்கள்.

கேள்வி: வாடகை ரசீது வாங்கி வைக்கவில்லை. நண்பரிடம் பத்து மாத ரசீதை ஒரே நாளில் எழுதி வாங்கிப் பேரோலுக்கு அனுப்பலாமா?

உண்மையில் வாடகை கொடுத்த வீட்டு உரிமையாளரிடம் போங்கள். வங்கி வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பரிமாற்றப் பட்டியலையும் இணையுங்கள். நண்பர் எழுதித் தரும் ரசீதைப் பற்றி என்னிடம் கேட்க வேண்டாம்.