பனி அள்ளும்போது நாடி 158: மறுபடி அள்ளலாமா?

"டாக்டர், எனக்கு வயது 52. கொருக்குப்பேட்டையில் மளிகைக் கடை. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். போன ஜனவரியில் டொராண்டோவில் மகன் வீட்டு வாசலில் பனி அள்ளினேன். ஐந்து நிமிடத்தில் மூச்சு வாங்கியது, நெஞ்சு இறுகின மாதிரி இருந்தது, கை வாட்ச் 158 காட்டியது. உள்ளே போய் உட்கார்ந்ததும் சரியாகிவிட்டது. இங்கே தினமும் 25 கிலோ அரிசி மூட்டை தூக்குகிறேன், ஒன்றும் ஆவதில்லை. டிசம்பரில் திரும்பப் போகிறேன், அள்ளலாமா?"

வேண்டாம் சார், பரிசோதனை முடியும்வரை மண்வாரியைத் தொடவே வேண்டாம். உழைக்கும்போது நெஞ்சு இறுகி, உட்கார்ந்ததும் விட்டுப்போவது இதய ரத்தக்குழாய் அடைப்பின் முதல் அறிகுறியாக இருக்கலாம். கேஸ் என்று நினைத்து விட்டுவிடாதீர்கள்.

மூட்டை தூக்கும்போது வராதது அங்கே ஏன் வந்தது என்பதற்கு உங்கள் கடைக் கணக்கிலேயே பதில் சொல்கிறேன். ஈரமான பனி, வாரியோடு சேர்த்து ஒரு தடவைக்கு ஏறக்குறைய 7 கிலோ இருக்கும். நிமிடத்துக்கு 12 தடவை அள்ளினால் பத்து நிமிடத்தில் 840 கிலோ, அதாவது உங்கள் அரிசியில் 33 மூட்டைக்கும் மேல்! கடையில் ஒரு மூட்டையை முதுகில் ஏற்றி, நாலு அடி நடந்து இறக்கிவிட்டு ஆளோடு பேச நின்றுவிடுவீர்கள், பாரத்தில் பெரும்பகுதியைக் காலும் இடுப்பும் வாங்கிக்கொள்ளும். பனி அள்ளுவது நடுவில் நிற்காத கை வேலை. அதே அளவு உழைப்பைக் கையால் செய்தால் காலால் செய்வதைவிட நாடியும் பிரஷரும் அதிகம் ஏறும், அதுவும் வாரியைத் தூக்கி வீசும்போது நம்மை அறியாமலே மூச்சை அடக்கிக்கொள்கிறோம், அந்த நொடியில் பிரஷர் இன்னும் எகிறும்.

இதோடு குளிர் சேர்கிறது. உடம்புச் சூட்டைக் காப்பாற்றத் தோலில் உள்ள ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயம் கூடுதல் அழுத்தத்தை எதிர்த்துத் தள்ளவேண்டி வரும், அடைப்பு உள்ளவருக்கு இதயத்தின் சொந்தக் குழாயும் அந்தச் சமயம் பார்த்துச் சுருங்கலாம். இன்னொன்று, இதயத் தசை தனக்கான ரத்தத்தைப் பெரும்பாலும் இரண்டு துடிப்புக்கு நடுவில் ஓய்கிற நேரத்தில்தான் வாங்கிக்கொள்ளும். நாடி ஏற ஏற அந்த இடைவெளி குறையும். தேவை கூடும்போதே வரத்து குறைவதுதான் இங்கே ஆபத்து.

158 பற்றிச் சொல்கிறேன். 220-இல் வயதைக் கழித்தால் உங்கள் உச்ச நாடி சுமார் 168 வரும், இது தோராயக் கணக்குதான், ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு மாறும். பழக்கமில்லாதவர் அதில் 85 சதவீதத்தை, உங்கள் கணக்கில் 143-ஐ, தாண்டாமல் இருப்பது நல்லது. நீங்கள் ஐந்தே நிமிடத்தில் உச்சத்தின் பக்கத்தில் போய்விட்டீர்கள். 1995-இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், ஆரோக்கியமான ஆனால் உடற்பயிற்சிப் பழக்கமில்லாத பத்து இளைஞர்களைக் கனமான பனி அள்ளவிட்டார்கள். இரண்டே நிமிடத்தில் நாடி அந்த 85 சதவீத எல்லையைத் தாண்டியது, மேல் பிரஷர் 200-ஐ நெருங்கியது. இளைஞர்களுக்கே அப்படி.

பிரஷர் மாத்திரையின் பெயரை அவசியம் பாருங்கள். அட்டெனலால், மெட்டோப்ரோலால் வகையாக இருந்தால் நாடியை அது பிடித்து வைக்கும், வாட்ச் 110 காட்டினாலும் இதயம் திணறிக்கொண்டிருக்கலாம். உங்களுக்கு 158 வரை போனதால் அநேகமாக அந்த வகை இல்லை. எந்த மாத்திரையானாலும் நீங்களாக நிறுத்தக்கூடாது.

இந்த வாரமே தண்டையார்பேட்டையோ ராயபுரமோ, பக்கத்தில் இருக்கிற இதய மருத்துவரைப் பாருங்கள். வாட்ச் சொன்னதைவிட நெஞ்சு இறுகியதை முதலில் சொல்லுங்கள். ஈசிஜி, எக்கோ எடுப்பார்கள், தேவைப்பட்டால் டிரெட்மில் பரிசோதனை செய்வார்கள். அது நார்மல் என்று வந்தாலும் ஒன்றை நினைவில் வையுங்கள், அது ஏசி அறையில் காலால் நடந்து எடுத்த பரிசோதனை, மைனஸ் பத்து டிகிரியில் கையால் அள்ளுவதற்கான அனுமதிச் சீட்டு இல்லை. நல்ல ரிசல்ட் வந்தாலும் அந்த வேலையை மகனிடமே விடுங்கள் என்றுதான் சொல்வேன்.

மகனுக்கும் இதைக் காட்டுங்கள். எழுந்ததும் அள்ளப் போகாமல் வீட்டுக்குள்ளேயே பத்து நிமிடம் நடந்துவிட்டு, மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொண்டு போகட்டும். தூக்கி வீசாமல் முடிந்தவரை தள்ளட்டும், தூக்கித்தான் ஆகவேண்டும் என்றால் அரை வாரி போதும். ஒரு முழு வாக்கியம் பேச மூச்சு போதவில்லை என்றால் அங்கேயே நிறுத்தவேண்டும்.

அந்த இறுக்கம் மறுபடி வந்தாலோ, தாடைக்கோ இடது கைக்கோ வலி பரவினாலோ, குளிரிலும் வியர்த்தாலோ, செய்கிற வேலையை விட்டுவிட்டு உட்காருங்கள். நீங்களே காரை எடுத்துக்கொண்டு கிளம்பாதீர்கள். அங்கே 911, இங்கே 108. பரிசோதனைக்கு முன்னால் நம்ம ஊரிலேயே நடக்கும்போதோ மாடி ஏறும்போதோ வந்தாலும், ஓய்வாக இருக்கும்போது வந்தாலும், அப்பாயின்ட்மென்ட் வரை காத்திருக்காமல் அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.