அப்ரூவ் ஆன லீவை ப்ராஜெக்ட் எமர்ஜென்சிக்காக கேன்சல் பண்றது எப்படி?

"திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் லீவ் அப்ரூவ் ஆயிடுச்சு, இப்ப புதன்கிழமை கோ-லைவ்னு சொல்றாங்க. மேனேஜர்கிட்ட என்ன சொல்றது?"

முதல்ல அஞ்சு நாளையும் தூக்கிக் கொடுத்துடாதீங்க. நானும் இங்க ஓஎம்ஆர்ல ஒரு கம்பெனில இருந்தப்ப "லீவ் கேன்சல் சார்"னு ஒரே வரில மெசேஜ் போட்டேன், அவர் மொத்த வாரமும் இருப்பேன்னு நெனச்சு வியாழக்கிழமை கிளையன்ட் கால் போட்டுட்டார், நான் அன்னைக்கு திருநெல்வேலில தங்கச்சி வளைகாப்புல சந்தனக் கையோட போன் பேசிட்டிருந்தேன்.

அதனால எது மாறுது, எது மாறலைன்னு ரெண்டையும் எழுதுங்க. முதல்ல போன்ல சொல்லிட்டு, அப்புறம் இப்படி மெயில்:

"சார், கோ-லைவுக்காக திங்கள், செவ்வாய், புதன் லீவை கேன்சல் பண்றேன், மூணு நாளும் ஆபீஸ் வருவேன். வியாழன், வெள்ளி லீவ் அப்படியே இருக்கு, புதன் நைட் பஸ்ல ஊருக்குக் கிளம்பணும். பேக்கப்புக்குக் கொடுத்த டிப்ளாய்மென்ட் வேலையை நானே திரும்ப எடுத்துக்கறேன், வியாழன்ல இருந்து மறுபடி அவர் பாத்துப்பார்."

அடுத்தது போர்ட்டல். நிறைய போர்ட்டல்ல அஞ்சுல மூணு நாளை மட்டும் கேன்சல் பண்ண முடியாது, முழுசா கேன்சல் பண்ணிட்டு ரெண்டு நாளுக்கு புதுசா அப்ளை பண்ணணும், ரெண்டுக்குமே மேனேஜர் அப்ரூவல் வேணும். இதை மெயில்லயே சொல்லிடுங்க, இல்லனா அவர் கேன்சலை மட்டும் அப்ரூவ் பண்ணிட்டுப் போயிடுவார், வியாழக்கிழமை நீங்க ஆப்சென்ட். பேலன்ஸ்ல மூணு நாள் திரும்ப ஏறிச்சான்னு பேரோல் கட்-ஆஃப் முன்னாடி பாருங்க, அப்புறம்தான் டைம்ஷீட். அவுட் ஆஃப் ஆபீஸ் ரிப்ளையோட தேதியையும் மாத்திடுங்க, எல்லாரும் மறக்குறது அதான்.