ஞாயிறு வேலையை ஓட்டியில் சேர்க்காதீர்கள்

கேள்வி: சிங்கப்பூரில் கட்டுமானத்தில் ஒர்க் பெர்மிட்டில் இருக்கிறேன். போன வார டைம்கார்டை அப்படியே போடுகிறேன். ஓட்டி, அதாவது ஓவர்டைம் பணத்தோடு எவ்வளவு வரணும், கணக்குப் போட்டுச் சொல்லுங்கள் சார்.

திங்கள் 8.00 – 19.00
செவ்வாய் 8.00 – 20.30
புதன் 8.00 – 17.00
வியாழன் 8.00 – 21.00
வெள்ளி 8.00 – 19.00
சனி 8.00 – 15.00
ஞாயிறு 8.00 – 17.00

பதில்: இதை வைத்து மணியைத்தான் எண்ண முடியும், வெள்ளியை, அதாவது டாலரை, எண்ண முடியாது. உங்கள் பேசிக் எவ்வளவு, சாப்பாட்டு நேரம் எவ்வளவு, சனிக்கிழமை எத்தனை மணி வேலை என்று ஒப்பந்தம், ஓய்வுநாள் எது, இந்த நான்கும் சீட்டில் இல்லை. பேசிக் உங்கள் ஒர்க் பெர்மிட்டுக்கு முதலில் வந்த ஐபிஏ ஒப்புதல் கடிதத்தில் இருக்கும். அலவன்ஸைச் சேர்க்காமல் பேசிக்கை மட்டும் எடுங்கள். மற்ற மூன்றும் வேலை ஒப்பந்தத்தில் இருக்க வேண்டும்.

அதுவரை நான் சில எண்களை வைத்துக்கொண்டு போட்டுக் காட்டுகிறேன்: பேசிக் 800 வெள்ளி, தினமும் ஒரு மணி நேரச் சாப்பாட்டு இடைவேளை, திங்கள் முதல் வெள்ளி வரை 8 மணி, சனி 4 மணி, ஆக வாரம் 44 மணி. ஓய்வுநாள் ஞாயிறு. உங்களுடையது வேறானால் எண்ணை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள், வழி இதேதான்.

முதலில் மணி. சாப்பாட்டு நேரம் வேலை நேரத்தில் சேராது, அதனால் ஒவ்வொரு நாளும் ஒன்றைக் கழிக்கிறேன். திங்கள் 10, செவ்வாய் 11.5, புதன் 8, வியாழன் 12, வெள்ளி 10, சனி 6. கூட்டினால் 57.5. அதில் 44 போக ஓட்டி 13.5 மணி. செவ்வாயில் கவனம்: 20.30 என்பது எட்டரை, அதாவது கணக்கில் 20.5. கால்குலேட்டரில் 20.30 என்றே தட்டினால் 12 நிமிடம் காணாமல் போகும். வியாழன் இரவு சாப்பிட அரை மணி விட்டிருந்தால் அதையும் கழிக்க வேண்டும். சீட்டில் அது தெரியவில்லை.

அடுத்து ஒரு மணிக்கு எவ்வளவு. ஊர்ப் பழக்கத்தில் பலரும் சம்பளத்தை 26 நாளால், பிறகு 8 மணியால் வகுப்பார்கள். 800 வெள்ளிக்கு அப்படிப் போட்டால் ஓட்டி மணிக்கு 5.77 வெள்ளி வரும். சிங்கப்பூர் வேலை நியமனச் சட்டத்தின் கணக்கு வேறு. வருடச் சம்பளத்தை வருடத்தின் மொத்த வேலை மணியால் வகுத்து, ஒன்றரை மடங்கு ஆக்க வேண்டும்:

```
(12 × 800) ÷ (52 × 44) × 1.5 = 6.2937
```

13.5 மணிக்கு 84.97 வெள்ளி. 26 நாள் கணக்கில் வெறும் 77.88தான். ஒரே வாரத்தில் 7 வெள்ளிக்கு மேல் வித்தியாசம்.

பெரிய தவறு நடப்பது ஞாயிறில்தான். அந்த 8 மணியையும் ஓட்டி என்று எழுதிவிட்டால் 50.35 வெள்ளி. ஆனால் ஓய்வுநாள் வேலைக்குக் கணக்கு மணியில் இல்லை, நாளில். முதலாளி கூப்பிட்டு, வழக்கமான ஒரு நாள் வேலை நேரத்தில் பாதிக்கு மேல் செய்திருந்தால் இரண்டு நாள் சம்பளம். வாரம் ஆறு நாள் வேலைக்கு ஒரு நாள் சம்பளம்:

```
(12 × 800) ÷ (52 × 6) = 30.77
```

இரண்டு நாளுக்கு 61.54 வெள்ளி. ஓட்டியாகப் போட்டதைவிட 11 வெள்ளி சொச்சம் கூடுதல். பாதி நாளோ அதற்குக் குறைவோ செய்திருந்தால் ஒரு நாள் சம்பளம். வேலை 8 மணி நேரத்துக்கு மேல் நீண்டிருந்தால் அந்தக் கூடுதல் மணிக்கு மட்டும் ஓட்டி தனியாக வரும்.

ஆனால் "நானே வருகிறேன்" என்று நீங்கள் கேட்டுப் போயிருந்தால் முழு நாளுக்கும் ஒரு நாள் சம்பளம்தான், 30.77. யார் கேட்டது என்பதில் பாதிப் பணம் நிற்கிறது. சூப்பர்வைசர் சனிக்கிழமை அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியை அழிக்காமல் வைத்திருங்கள்.

ஆக, முதலாளி கூப்பிட்டு ஞாயிறு வேலை செய்தீர்கள் என்றால், நான் வைத்த எண்களின்படி இந்த வாரத்துக்கு மாதச் சம்பளம் போக 146.51 வெள்ளி வர வேண்டும்.

ஓட்டிப் பணத்தைச் சம்பளக் காலம் முடிந்து 14 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும். சம்பளச் சீட்டில் ஓட்டி மணியும் தொகையும் தனித்தனியாக இருக்க வேண்டும். மணி சரியாக இருந்து தொகை குறைந்தால் விகிதத்தைக் கேளுங்கள். மணியே குறைந்தால் டைம்கார்டின் படத்தைக் காட்டுங்கள். பேசித் தீராவிட்டால் சம்பளத் தகராறுகளைக் கவனிக்கும் டி.ஏ.டி.எம் அமைப்பின் மத்தியஸ்தத்துக்குப் போகலாம். வேலையில் இருக்கும்போது ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டுவிட்டால் ஆறு மாதத்துக்குள் பதிவு செய்ய வேண்டும்.